சிறுநீரகக் காத்திருப்புப் பட்டியலும் புகையிலையும்: ராமநாதபுரம் கடற்கரைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தங்கச்சிமடத்து அண்ணன் ஒருவர். விசைப்படகு ஓட்டியவர், வயது 46, இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் இருப்பவர். ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய அன்று பீடியை விட்டார். ஒரு மாதம் கழித்து, சிறுநீரக மாற்றுக்குப் பெயர் பதிவதற்கு முன் அவருடைய ரத்தத்தைச் சோதித்தோம். உடம்பில் புகையிலை போனதைக் காட்டிக்கொடுக்கும் கோட்டினின் என்ற பொருள் 92 என்று தாள் வந்தது. 10-க்குக் கீழே இருந்தால்தான் புகையிலை இல்லை என்று எங்கள் ஆய்வகம் எழுதும்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு ரெண்டு பீடியாச்சும் குடிச்சீங்களா?"

"அந்தோணியார் மேல ஆணையா இல்ல தம்பி. பீடி வாசம்கூட வேணாம்னு வாடிப் பக்கமே போகல."

பக்கத்தில் நின்ற மதினிதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வெத்தலைல ஒரு கிள்ளு போயிலை வச்சுக்கிறாக. அதுவும் கணக்கா தம்பி?"

அதுவும் கணக்குத்தான். அண்ணன் பொய் சொல்லவில்லை, தவறு என்னுடையது. மார்ச் மாதம் முதல் நேர்காணலில் நான் "பீடி, சிகரெட் குடிப்பீங்களா?" என்று மட்டும் கேட்டேன். "புகையை விடுங்க" என்று மட்டும் சொன்னேன். புகையை அவர் விட்டுவிட்டார். மெல்லும் இலையில் புகை ஏது? அந்த ஒரு சொல்லால் அவருக்கு இரண்டு மாதம் போனது.

மாற்று அறுவை ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்த காலத்தில் தொண்டியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் வந்தவர்களிடம் இதே குழப்பத்தைப் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால் அந்த அண்ணன் போன வழியிலேயே, எந்தப் படியில் என்ன கேட்பார்கள், ஏன் கேட்பார்கள், எங்கே சறுக்கும் என்று எழுதுகிறேன். சிறுநீரகத்தை வைத்தே சொல்கிறேன். நம் பக்கத்தில் அதற்குக் காத்திருப்பவர்களே அதிகம்.

முதலில், ஏன் கேட்கிறார்கள்

புதுச் சிறுநீரகத்தைப் பழையது இருந்த இடத்தில், முதுகுப் பக்கம் வைப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதே கிடையாது. புதியதை அடிவயிற்றில், இடுப்பெலும்பை ஒட்டிய பள்ளத்தில் வைக்கிறார்கள். அதன் ரத்தக்குழாயை, வயிற்றிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய ரத்தக்குழாயின் பக்கவாட்டில் துளை போட்டுத் தைக்கிறார்கள். தைக்கும் நேரத்தில் அந்தப் பெரிய குழாயை மேலேயும் கீழேயும் கவ்வியால் பிடித்து ரத்த ஓட்டத்தை நிறுத்தியாக வேண்டும்.

இருபது வருடம் பீடி குடித்தவருக்குக் கெட்டுப்போவது அந்தக் குழாய்தான். உள்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து, ரப்பர் போல இருக்க வேண்டியது கிளிஞ்சல் ஓடு போல ஆகிவிடும். நீண்ட நாள் டயாலிசிஸும் சர்க்கரையும் இதே வேலையைச் செய்கின்றன. மூன்றும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். ஓடு போன்ற குழாயைக் கவ்வியால் பிடித்தால் அது நசுங்காது, உடையும். ஊசி ஏறாது. ஏறினாலும் உள்ளே படிந்த துணுக்கு பெயர்ந்து ரத்தத்தோடு ஓடிக் காலையோ புதுச் சிறுநீரகத்தையோ அடைக்கும். வயிற்றைத் திறந்த பிறகு "தைக்க இடமில்லை" என்று அறுவை மருத்துவர் சொன்னால், இறந்தவரின் குடும்பம் மனமுவந்து கொடுத்த சிறுநீரகம் அங்கே ஐஸ் பெட்டியில் காத்துக்கிடக்கும்.

"படிஞ்சது படிஞ்சுபோச்சு, இனி விட்டு என்ன ஆகப்போகுது?" என்று கேட்பவர்கள் உண்டு. படிந்த சுண்ணாம்பு கரையாது, அது உண்மை. ஆனால் ஒவ்வொரு பீடியும் அந்த நேரத்தில் செய்வது வேறு. நிக்கோட்டின் குழாய்களைச் சுருக்குகிறது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. ரத்தம் சுலபமாக உறைகிறது. புதிதாகத் தைத்த தையல் ஆற வேண்டிய நேரத்தில் இந்த மூன்றும் சேர்ந்து எதிர்த்து நிற்கும். இவை புகையை நிறுத்திய சில நாட்கள், சில வாரங்களிலேயே குறையத் தொடங்கிவிடும். விட்டதன் பலன் அங்கேதான் முதலில் தெரியும்.

இன்னொரு காரணம் அறுவைக்குப் பிறகு வருவது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு எதிர்க்காமலிருக்க வாழ்நாள் முழுவதும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். நுரையீரலிலும் வாயிலும் முளைவிடும் புற்றுச் செல்லைத் தேடி அழிப்பது அதே எதிர்ப்புச் சக்திதான். அதைக் குறைத்துவிட்டுப் புகையிலையையும் கொடுத்தால் புற்றுக்குக் காவல் இல்லாத வீடு கிடைத்த மாதிரி. மாற்றுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போகிறவர்களும் உண்டு. அதிலும் புகைப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

இதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளும் குடும்பங்களைப் பார்த்து எனக்கு வருத்தம்தான் வரும். கெட்ட பழக்கம் உள்ளவருக்கு உறுப்பு கிடையாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் புகையிலையைப் பற்றிப் பேசவே இல்லை. இது ஒவ்வொரு மையத்தின் மருத்துவக் குழுவும் எடுக்கும் முடிவு. அதனால்தான் மையத்துக்கு மையம் கெடு மாறுகிறது. சிறுநீரகத்துக்கு உலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றும் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பட்டியலில் சேர்க்கும் முன் குறைந்தது ஒரு மாதம் புகையிலை இல்லாமல் இருக்கச் சொல்கிறது. மூன்று மாதம், ஆறு மாதம் கேட்கும் மையங்களும் உண்டு. நுரையீரல் மாற்றுக்கு ஆறு மாதம் என்பதே வழக்கம். கல்லீரல் திடீரென்று செயலிழந்து சில நாட்களில் உயிர் போகும் நிலை என்றால் அங்கே எந்தக் கெடுவும் பார்க்க முடியாது. டயாலிசிஸ் என்ற பாலம் இருப்பதால்தான் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கச் சொல்ல முடிகிறது.

படி 1: முழுக் கணக்கைச் சொல்லுங்கள்

முதல் நேர்காணலில் புகையிலை எந்த உருவில் உடம்புக்குள் போகிறதோ அத்தனையையும் சொல்லுங்கள். பீடி, சிகரெட், சுருட்டு, வெற்றிலையோடு போயிலை, ஹான்ஸ் போன்ற பாக்கெட் தூள், உதட்டுக்குள் வைக்கும் பொட்டலம், மூக்குப்பொடி, பல் துலக்கும் புகையிலைப் பொடி. கடைசி இரண்டும் வயதான பெண்களிடம் இன்னும் இருக்கின்றன. பாசி எடுக்கப் போகும் பெண்களில் சிலர் தண்ணீரில் நிற்கும் நேரம் முழுவதும் கன்னத்தில் போயிலை அடக்கியிருப்பார்கள். "அம்மாவுக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லை" என்று மகன் முன்வந்து சொல்லிவிடுவார், அம்மா தலையைக் குனிந்துகொள்வார். உங்கள் மையத்தில் உங்களிடம் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

பீடிக்கு மருத்துவர் ஒரு கணக்குப் போடுவார். ஒரு நாளைக்கு எத்தனை என்பதை 20-ஆல் வகுத்து, எத்தனை வருடமோ அதால் பெருக்குவார். அண்ணன் 22 வயதில் தொடங்கி 24 வருடம், நாளைக்கு 30 பீடி. 30-ஐ 20-ஆல் வகுத்தால் ஒன்றரை, அதை 24-ஆல் பெருக்கினால் 36. இந்த எண் 30-ஐத் தொட்டால், ஒளிந்திருக்கும் நுரையீரல் புற்று இல்லை என்று உறுதி செய்ய மார்புக்கு சி.டி. எடுப்பது வழக்கம். "பீடி சிறுசுதானே, பாதிக் கணக்குப் போடக் கூடாதா?" என்று அண்ணன் கேட்டார். கூடாது. பீடி இலை காற்றை எளிதாக உள்ளே விடாது, அடிக்கடி அணைந்தும் போகும். அணையாமல் வைத்திருக்க ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டியிருக்கும். அளவில் சிறியதென்றாலும் உள்ளே போவது சிறியதல்ல.

எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னால் அந்த சி.டி. எடுக்காமல் போய்விடும். அதில் நஷ்டம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

படி 2: வாயையும் இடுப்புக் குழாயையும் காட்டுங்கள்

மென்றவர்களுக்கு வாய்ப் பரிசோதனை கட்டாயம். வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று நீங்களே முதலில் பார்க்கலாம். போயிலை அடக்கும் கன்னத்தில், துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருக்கிறதா? இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் இருக்கிறதா? இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டிச் சதை எடுத்துச் சோதித்த பிறகுதான் மாற்று பற்றிய பேச்சே.

அடுத்தது, உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கிடையில் விட்டுப் பாருங்கள். நுழைய வேண்டும். பாக்கு மென்று மென்று கன்னத்தின் உட்சதை நாராகி இறுகிப்போனவர்களுக்கு இரண்டு விரல்கூடப் போகாது. காரக் குழம்பு வாயில் பட்டால் எரிகிறது என்பார்கள், அதுதான் இதன் ஆரம்பம். வாய் திறக்காவிட்டால் மயக்க மருத்துவர் மூச்சுக்குழாயில் குழாய் விடுவது கடினம். முன்பே தெரிந்தால் மூக்கு வழியாக விட ஏற்பாடு செய்துகொள்வார். நடு இரவில் அவசரமாக மேசையில் படுத்த பிறகு தெரிந்தால் அது உயிருக்கே ஆபத்து. "போயிலையை விட்டுட்டேன், வெறும் பாக்கு மட்டும் போடுறேன்" என்பது தீர்வாகாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இடுப்புக் குழாய்க்கு சாய மருந்து இல்லாத சி.டி. போதும், சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்துவிடும். அண்ணனுக்கு வலது பக்கம் திட்டுத் திட்டாக இருந்தது, இடது பக்கம் தைக்கும் அளவுக்கு நல்ல இடம் இருந்தது. பெரும்பாலும் வலது பக்கம்தான் வைப்பார்கள், இவருக்கு இடது பக்கம் என்று கோப்பில் எழுதினோம். இரண்டு பக்கமும் கெட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

படி 3: விடுவதற்கு ஒரு நாளைக் குறியுங்கள், டயாலிசிஸ் நோயாளியாக விடுங்கள்

அண்ணனுக்குத் தடைக்காலம் பொருந்தியது. அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை. ஆனாலும் விடியற்காலை நான்கு மணிக்கு ஜெட்டிக்குப் போய், வந்த படகுகளின் மீன் ஏலம் பார்த்து, டீக்கடையில் ஒரு டீயும் இரண்டு பீடியும் என்ற பழக்கம் விடவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில். ஏலம் இல்லை, நான்கு மணிக்கு எழ வேண்டிய காரணமும் இல்லை. பீடியைக் கூப்பிடும் நேரமே காலண்டரிலிருந்து போய்விட்டது. ஆனால் தடைக்காலத்தில் மரத்தடியில் சீட்டு விளையாட உட்காரும் ஆள் என்றால் இதுவே மிக மோசமான காலம். உங்கள் பீடி எந்த நேரத்தில், யாரோடு வருகிறது என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு நாளைக் குறியுங்கள்.

டயாலிசிஸ் நோயாளிக்கு இன்னொரு நேரம் உண்டு. நான்கு மணி நேரம் கட்டிலில் கிடந்துவிட்டு ஊசி எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வாசல் பெட்டிக்கடை. அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். பற்றவைத்த இரண்டாவது இழுப்பில் தலை சுற்றி ஒருவர் சாக்கடை ஓரம் சரிந்ததை நானே தாங்கிப் பிடித்திருக்கிறேன். டயாலிசிஸ் நாட்களில் முதல் ஒரு மாதம் வாசலிலிருந்து பஸ் வரை கூட ஒரு ஆள் வரட்டும். மதினி அதைத்தான் செய்தார்.

பொதுவாகப் புகையை விடுபவர்களுக்குச் சொல்லும் சில யோசனைகள் டயாலிசிஸ் நோயாளியைக் கொன்றுவிடும். ஆசை வரும்போது ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள் என்பார்கள். சிறுநீர் போகாதவருக்கு அந்தத் தண்ணீர் நுரையீரலில் போய் நிற்கும். பழம் சாப்பிடுங்கள், இளநீர் குடியுங்கள் என்பார்கள். அவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும். உப்பு போட்ட நெல்லிக்காய், மாங்காய்த் துண்டு தாகத்தைக் கிளப்பும். இவற்றுக்குப் பதிலாக ஒரு கிராம்பையோ ஏலக்காயையோ வாயில் அடக்கலாம், சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். சின்ன ஐஸ் துண்டும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆசை ஒரு அலை மாதிரி எழுந்து சில நிமிடத்தில் இறங்கிவிடும். முதல் மூன்று நாள்தான் மிகக் கடினம், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பகுதி அடங்கும்.

மருந்து தேவைப்பட்டால் வெட்கப்பட வேண்டாம். நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கிறது. அதை மிட்டாய் போல விடாமல் மெல்லக் கூடாது. காரம் தெரியும் வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்தில் அடக்கி, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். போயிலை அடக்கிப் பழகியவர்களுக்கு இது சுலபமாகக் கைவரும். வாரெனிக்லின் என்ற மாத்திரையும் உண்டு. ஆனால் அது சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து. டயாலிசிஸில் இருப்பவருக்கு வழக்கமான அளவைக் கொடுத்தால் உடம்பில் தங்கிவிடும், அளவைப் பெரிதும் குறைக்க வேண்டும். எனவே சிறுநீரக மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் கடையில் வாங்காதீர்கள். பேசித் தெளிய ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் பேசலாம்.

படி 4: பரிசோதனையைப் புரிந்துகொள்ளுங்கள்

பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இது. இரண்டு வகைச் சோதனை உண்டு.

ஒன்று, ஊதிப் பார்க்கும் கருவி. மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடைக் காட்டும். ஆனால் அந்த வாயு சில மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். நேற்று மாலை பீடி குடித்தவர் இன்று மதியம் ஊதினால் சுத்தமாகவே காட்டலாம். மெல்லும் புகையிலையோ இதில் சிக்கவே சிக்காது, அதில் புகை இல்லையே. அண்ணன் இதில் முதல் நாளே தேறிவிட்டார்.

இரண்டாவது கோட்டினின். நிக்கோட்டின் கல்லீரலில் உடைந்து கோட்டினினாக மாறுகிறது. பீடியில் வந்தாலும் வெற்றிலையில் வந்தாலும் மூக்குப்பொடியில் வந்தாலும் இதற்கு ஒன்றுதான். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு ஏறக்குறைய 16 முதல் 20 மணி நேரத்தில் பாதியாகும், நான்கைந்து நாளில் அடையாளம் போய்விடும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது வெளியேறுவது மெதுவாகும். அதனால் "நாலு நாள் நிறுத்தினாப் போதும், டெஸ்ட்ல தெரியாது" என்று ஊரில் யாராவது சொன்னால் அது நல்ல சிறுநீரகம் உள்ளவரின் கணக்கு. உங்களுடையது அல்ல. உண்மையாகவே நிறுத்தியவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுத்திய மூன்றாம் நாள் சோதித்து எண் இறங்கவில்லை என்று மனம் உடைய வேண்டாம். நிறுத்திய தேதியைத் தாளில் எழுதச் சொல்லுங்கள், இரண்டு வாரம் கழித்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பல இடங்களில் கோட்டினினைச் சிறுநீரில்தான் பார்ப்பார்கள். டயாலிசிஸ் தொடங்கி ஒரு வருடமானவர்களில் பலருக்குச் சிறுநீரே வராது. அவர்களுக்கு ரத்தத்தில் பார்க்க வேண்டும். தனியாக ஊசி குத்தாமல் அன்றைய டயாலிசிஸ் தொடங்கும் முன் அதே ஊசி வழியாக ரத்தம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஃபிஸ்டுலா உள்ள கையில் வெளி ஆய்வக ஆள் யாரையும் ஊசி போட விடாதீர்கள்.

நிக்கோட்டின் சூயிங்கம் மெல்பவருக்கும் கோட்டினின் வரும். எனவே சோதனைக்கு முன்பே "இன்ன தேதியிலிருந்து சூயிங்கம் மெல்கிறேன்" என்று சொல்லி எழுத வையுங்கள், எண் வந்த பிறகு சொன்னால் சாக்குப் போலத் தெரியும். புகையிலைச் செடியில் இருக்கும், சூயிங்கத்தில் இல்லாத அனபசின் என்ற பொருளைத் தனியாகத் தேடும் சோதனையும் உண்டு. அது எல்லா ஆய்வகத்திலும் கிடைக்காது. அதனால் சில மையங்கள் சூயிங்கத்தையும் நிறுத்திய பிறகே கணக்கைத் தொடங்குகின்றன. உங்கள் மையம் எந்த வகை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மகன் சிகரெட் குடிக்கும் புகை பக்கத்தில் இருப்பவர் ரத்தத்திலும் கொஞ்சம் ஏறும். ஆனால் அது பொதுவாக 10-க்குள் அடங்கிவிடும், 92-க்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

அண்ணன் மே மாதம் அந்தத் தாளைப் பார்த்த அன்றே வெற்றிலைப் பெட்டியை மதினியிடம் கொடுத்தார். ஜூன் நடுவில் எடுத்ததில் 6, ஜூலை நடுவில் எடுத்ததில் 4. ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை 10-க்குக் கீழே என்பது எங்கள் மையத்தின் நிபந்தனை. ஜூலை கடைசியில் பெயர் பதிவானது.

படி 5: பட்டியலில் இருப்பது வேறு, அழைக்கும் நிலையில் இருப்பது வேறு

தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து உறுப்பு பெறும் திட்டம் 2008-இல் தொடங்கியது. இப்போது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம், அதாவது டிரான்ஸ்டான், பட்டியலை நிர்வகிக்கிறது. நோயாளி நேரடியாகப் பதிய முடியாது, மருத்துவமனை வழியாகத்தான் பதிய வேண்டும். ரத்த வகையும் பதிவு மூப்பும் முக்கியம். தெரிந்தவர் மூலம் முன்னே போகலாம் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

பெயர் ஏறிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். காய்ச்சல், ஆறாத புண், இதயக் கோளாறு என்று ஏதாவது வந்தால் பெயரைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பார்கள். கோட்டினின் ஏறினாலும் அப்படித்தான். பட்டியலில் இருக்கும் காலத்தில் முன்னறிவிப்பில்லாமல் மீண்டும் சோதிப்பது உண்டு. நிறுத்திவைத்த நாட்கள் மூப்பில் சேருமா என்பதை உங்கள் மையத்தில் தெளிவாகக் கேளுங்கள்.

ஒரு சாவு வீட்டிலோ திருவிழாவிலோ ஒரு பீடி குடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். மறுநாளே ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போடுங்கள். தாமாகச் சொன்னவரை நாங்கள் கைவிட்டதில்லை. உதவி கூட்டினோம், தேதியைத் தள்ளினோம், அவ்வளவுதான். மறைத்து, சோதனையில் தெரிந்தவர் விஷயத்தில்தான் குழுவில் இருப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். புகையிலையை மறைப்பவர் நாளைக்கு மாத்திரை தவறியதையும் மறைப்பாரோ என்ற சந்தேகம் அது. மாத்திரை தவறினால் சிறுநீரகம் போய்விடும்.

படி 6: கொடுக்க முன்வரும் உறவினருக்கும் இதே கணக்கு

தம்பியோ மனைவியோ தருகிறேன் என்றால் அவரும் அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே புகையிலையை நிறுத்த வேண்டும். மயக்க மருந்தும் நுரையீரலும் அவருக்கும் உண்டு. ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழப்போகிறவர் ரத்தக்குழாயைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் உண்டு. அண்ணனுக்குத் தம்பி தர முன்வந்தார். அவருக்குச் சர்க்கரை இருந்ததால் அந்த வழி அடைந்தது. பட்டியலுக்கு வந்தது அப்படித்தான்.

படி 7: போன் வரும் இரவு

எடுத்த சிறுநீரகத்தை ஒரு நாளுக்குள் வைத்துவிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தங்கச்சிமடத்திலிருந்து மதுரைக்கு நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மூன்று போன் நம்பர் கொடுங்கள். அதில் ஒன்றாவது கடலுக்குப் போகாத ஆளுடையதாக இருக்கட்டும், நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது. பையில் மருத்துவக் கோப்பு, காப்பீட்டு அட்டை, கடைசி கோட்டினின் தாள். காரில் ஏறிய பிறகு எதுவும் சாப்பிட வேண்டாம். பதற்றத்தில் வழியில் டீக்கடையில் இறங்கி ஒன்றைப் பற்றவைத்தவர்கள் இருக்கிறார்கள். வண்டி ஓட்டுபவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

ஒரு சிறுநீரகத்துக்கு இரண்டு மூன்று பேரைக்கூட அழைப்பார்கள். ரத்தத்தைக் கொடையாளியின் செல்களோடு கலந்து பார்த்து, ஒத்துவராவிட்டால் அடுத்தவருக்குப் போகும்.

அண்ணனுக்கு நவம்பரில் ஓர் இரவு பதினொன்றரைக்குப் போன் போனது. மழையில் பாம்பன் பாலம் தாண்டி நாலு மணிக்கு முன்பே வந்துவிட்டார். இரண்டாவது ஆளாக உட்கார வைத்தோம். அன்று எடுத்த ரத்தத்தில் கோட்டினினும் பார்த்தோம், சுத்தம். முதல் ஆளுக்கு ஒத்துப்போனதால் சிறுநீரகம் அவருக்குப் போனது. விடிந்ததும் அண்ணனுக்கு ஒரு டயாலிசிஸ் போட்டு அனுப்பினோம். வாசல் வரை கூடப் போனேன். பெட்டிக்கடையைத் தாண்டும்போது மதினி அவர் கையைப் பிடித்திருந்தார். "அடுத்த ரத்தம் என்னைக்குத் தம்பி எடுக்கணும்?" என்று அண்ணன் கேட்டார். டிசம்பர் 10 என்றேன். சட்டைப் பையிலிருந்த டயாலிசிஸ் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.